நலங்கு மாவும் சோப்பும் கடல் தாண்டுமுன்: சிங்கப்பூரா, லண்டனா, டொராண்டோவா?

வீட்டிலோ சிறு பட்டறையிலோ சோப்பு, கூந்தல் தைலம், நலங்கு மாவு செய்து விற்பவர்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் பெரும்பாலும் உறவின் வழியாகத்தான் வந்து சேர்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் ஊருக்கு வந்தபோது வாங்கிப் போயிருப்பார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். லண்டனில் உள்ள தோழி, டொராண்டோவில் உள்ள சித்தி மகள் என்று பட்டியல் நீளும். எல்லோரும் ஒரே பொருளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரே பெட்டியை அனுப்பிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பணம் கரைகிறது. ஒரே சோப்பு ஒரு நாட்டில் சிக்கலில்லாத தபால் பார்சல். இன்னொரு நாட்டில் பாதுகாப்பு அறிக்கை, பொறுப்பாளர், வரிப் பதிவு எல்லாம் கேட்கும் ஒழுங்குமுறைப் பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய அளவில் தொடங்குபவர் முதலில் சிங்கப்பூருக்கு, குடும்பங்களுக்கு நேரடிப் பார்சலாக, சோப்பையும் எண்ணெயையும் அனுப்புவதே நல்லது. ஆண்டுக்கு நூறு பெட்டிக்கு மேல் நிச்சயம் விற்கும் என்ற நிலை வந்த பிறகு பிரிட்டனைப் பார்க்கலாம். கனடாவுக்கு ஏற்கெனவே இறக்குமதி செய்யும் கடைக்காரர் ஒருவர் கிடைத்தால் மட்டும் போகலாம். அமெரிக்காவுக்கு இப்போதைக்கு சோப்பு மட்டும், அதுவும் ஆர்டர் பெரிதாக இருந்தால்.

இந்த வரிசைக்கு வருமுன் இந்தியப் பக்கத்தில் ஒன்று. “கைவினைப் பொருள்தானே” என்று உரிமம் இல்லாமல் அழகுசாதனம் செய்து விற்க இடமில்லை. 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். அதற்கான இடமும் கருவிகளும் இல்லாதவர்கள், உரிமம் உள்ள ஆலையின் வசதியைப் பயன்படுத்தித் தங்கள் பெயரில் தயாரிக்கும் ‘லோன் லைசென்ஸ்’ முறையில் போகலாம். அதோடு ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. பதிவு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம் ஆகியவை வேண்டும். குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இவை இருந்தால், தபால் துறையின் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ மையங்களில் தபால் ஏற்றுமதிப் பட்டியலை இணையத்திலேயே தாக்கல் செய்து, முகவர் யாரும் இல்லாமல் பார்சலை அனுப்பிவிடலாம்.

மூன்று பொருள், மூன்று குணம்

நாட்டைத் தேர்வதற்கு முன் பொருளைத் தேர வேண்டும். சோப்புதான் மிக நல்ல பயணி. உடையாது, சிந்தாது, காரத்தன்மை இருப்பதால் கிருமி எளிதில் வளராது. அதில் ஒரே ஒரு சிக்கல் எடை. குளிர்முறையில் செய்த சோப்பு நான்கு முதல் ஆறு வாரம் உலரும்போது நீர் வற்றி எடை குறைகிறது. உறையிட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டேயிருக்கும். வெட்டிய அன்று 115 கிராம் இருந்ததை நம்பி ‘100 கிராம்’ என்று அச்சடித்தால், வாடிக்கையாளர் கையில் அது 97 ஆக இருக்கலாம். எடைக் குறைவு எந்த நாட்டிலும் குற்றம். உலர்ந்து முடிந்த கட்டிகளில் மிகவும் இலேசானதை எடுத்து நிறுத்து, அதற்கும் சற்றுக் குறைவான எடையை லேபிளில் போடுவதுதான் முறை.

தேங்காய் எண்ணெய் அடிப்படையிலான தைலம் விமானத்தில் போகத் தடை இல்லை. எளிதில் தீப்பற்றும் திரவங்களின் பட்டியலில் அது வராது. ஆனால் திரவம் என்று கேட்டதுமே தபால் நிலையத்திலும் கூரியரிலும் தயங்குவார்கள். பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளை உடன் கொண்டுபோனால் பேச்சு சுருங்கும். சாராயம் கலந்த வாசனைத் திரவம், அத்தர் ஆகியவை வேறு கதை. அவற்றைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். தைலப் புட்டியை வாய்வரை நிரப்பக் கூடாது. நம்மூர் வெயிலில் எண்ணெய் விரிந்து மூடியைத் தள்ளும். கொஞ்சம் இடம் விட்டு, வாயில் அலுமினியச் சீல் ஒட்டி, மூடியைச் சுற்றி நாடா சுற்றி, தனி ஜிப் பையில் போட வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் என்பதையும், வெந்நீரில் வைத்தால் இளகும் என்பதையும் லேபிளிலேயே சொல்லிவிட்டால், லண்டன் குளிரில் இருந்து வரும் “எண்ணெய் கெட்டுப்போய் வந்திருக்கிறது” என்ற புகார்கள் குறையும்.

நலங்கு மாவுதான் மூன்றிலும் கடினமானது. எல்லோரும் ஆசையாகக் கேட்பதும் அதுதான். வெயிலில் காய வைத்து மில்லில் அரைத்த மூலிகைப் பொடியில் கிருமி எண்ணிக்கை இயல்பாகவே அதிகம். அழகுசாதனங்களுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் சர்வதேச வரம்பு, ஒரு கிராமுக்கு ஆயிரம் நுண்ணுயிர்க் கூட்டங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொருள் என்றால் நூறு. நம் வீடுகளில் நலங்கு மாவு பச்சைக் குழந்தைக்குத்தான் முதலில் போகிறது என்பதால், ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி எழுதியவுடன் கடுமையான வரம்பு உங்களுக்குப் பொருந்தத் தொடங்கும்.

இதைவிட முக்கியமானது கார்போக அரிசி. பல குடும்பக் கலவைகளில் அது இருக்கும். அதில் உள்ள சொராலென் வகைப் பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. ஐரோப்பாவின் தடைப்பட்டியலில் இந்த வகைப் பொருள்கள் இருக்கின்றன. பிரிட்டனும் அந்தப் பட்டியலை ஒட்டியே நடக்கிறது. மணத்துக்காகச் சேர்க்கும் இயற்கைச் சாரங்களில் இயல்பாக உள்ள அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. கார்போக அரிசியையே அரைத்துச் சேர்ப்பது அந்த விலக்குக்குள் வராது. பாட்டி காலத்துக் கலவை என்ற மரியாதை எனக்கும் உண்டு. ஆனாலும் வெளிநாட்டுக்கு அனுப்பும் மாவில் கார்போக அரிசியை நீக்கிவிடுங்கள். பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ் இருந்தாலே மணமும் குணமும் நிறைவாக இருக்கும்.

சிங்கப்பூர்

சிங்கப்பூரில் அழகுசாதனங்களைக் கவனிப்பது சுகாதார அறிவியல் ஆணையம். அங்கே ஒரு கடையோ நிறுவனமோ உங்கள் பொருளை விற்க வேண்டுமானால், அந்தச் சிங்கப்பூர் நிறுவனம் விற்பனைக்கு முன்பே ஆணையத்திடம் ஒவ்வொரு பொருளையும் அறிவிக்க வேண்டும். தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குப் பொதுவான ஆசியான் அழகுசாதன விதிகள் அங்கே நடைமுறையில் உள்ளன. லேபிளில் அந்த உள்ளூர் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு குடும்பம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொள்வது இந்த அறிவிப்பு முறைக்குள் வராது.

வரியும் இலேசுதான். தபாலிலோ விமானத்திலோ வரும் பார்சலின் மதிப்பு, அனுப்பும் செலவும் சேர்த்து, 400 சிங்கப்பூர் டாலருக்குள் இருந்தால் எல்லையில் ஜி.எஸ்.டி. பிடிப்பதில்லை. 2023 முதல், இத்தகைய பொருள்களை விற்கும் பெரிய வெளிநாட்டு விற்பனையாளர்கள் பதிவு செய்து வரி வசூலிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அது உலகளவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேலும், சிங்கப்பூர் நுகர்வோருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேலும் விற்பவர்களுக்கானது. வீட்டில் சோப்பு செய்பவரை அது தொடாது.

எச்சரிக்கை ஒன்று. நாத்தனாருக்கு நாற்பது சோப்பு அனுப்பி, அவர் தம் குடியிருப்பில் ஆளுக்கு இரண்டாக விற்றுக் கொடுக்கிறார் என்றால், அவர் இப்போது இறக்குமதியாளர். சொந்தப் பயன்பாடு என்ற பாதுகாப்பு அவருக்கு இல்லை. அன்பினால் செய்கிறார் என்பது சட்டத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு குடும்பமும் உங்களிடம் நேரடியாக ஆர்டர் கொடுத்து, அவர்கள் முகவரிக்கே பார்சல் போவதுதான் அவருக்கும் நல்லது.

பிரிட்டன்

பிரிட்டனில் ‘தனிப்பட்ட பார்சல்’ என்ற வழி விற்பவருக்குத் திறந்திருக்கவில்லை. அங்குள்ளவர்களைக் குறிவைத்து இணையத்தில் விலை போட்டு விற்றாலே, பொருளை அந்தச் சந்தையில் வைத்ததாகத்தான் கொள்கிறார்கள். ஆகவே, பிரிட்டனில் முகவரி உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் பெயரும் முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும். விற்பனைக்கு முன் அரசின் இணையத்தளத்தில் பொருளை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு இலவசம், அறிக்கைதான் செலவு. சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒரு கலவைக்கு நூறிலிருந்து சில நூறு பவுண்டு வரை கேட்கிறார்கள். ஒரே சோப்பு அடிப்படையில் மணத்தையும் நிறத்தையும் மட்டும் மாற்றும் வகைகளை ஒரே அறிக்கையில் சேர்த்துத் தரும் மதிப்பீட்டாளர்கள் உண்டு. அதனால்தான் பத்துப் பொருளுடன் லண்டனுக்குப் போகாதீர்கள், ஒரு சோப்பு அடிப்படையுடன் போங்கள் என்கிறேன்.

வரியிலும் பிரிட்டன் கடுமை. 135 பவுண்டு வரையிலான பார்சலுக்கு 20 சதவீத வாட் வரியை விற்பவரே வசூலித்துக் கட்ட வேண்டும். 2021 முதல் இதுதான் விதி. வெளிநாட்டு விற்பனையாளருக்கு விலக்கு வரம்பு எதுவும் இல்லை, முதல் விற்பனையிலிருந்தே பதிவு வேண்டும். இணையச் சந்தைத் தளம் ஒன்றின் வழியாக விற்றால் அந்தத் தளமே வசூலித்துக் கட்டிவிடும். சிறியவர்களுக்கு அதுவே வசதி.

லேபிள்

லேபிளில் நம்மவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று பொருள்பட்டியல். ‘சுத்தமான 21 மூலிகைகள்’ என்று எழுதினால் போதாது. சர்வதேசப் பெயரில், எடை அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும். தேங்காய் எண்ணெய் அங்கே ‘கோகோஸ் நுசிஃபெரா ஆயில்’, நல்லெண்ணெய் ‘செசாமம் இண்டிகம் சீட் ஆயில்’, கரிசலாங்கண்ணிச் சாறு ‘எக்லிப்டா ப்ரோஸ்ட்ராட்டா எக்ஸ்ட்ராக்ட்’. சோப்பில் நீங்கள் சேர்த்த காஸ்டிக் சோடா வினையில் தீர்ந்துவிடுவதால், தேங்காய் எண்ணெய்ச் சோப்பை ‘சோடியம் கோகோயேட்’ என்று எழுதுவது வழக்கம். இத்துடன் தொகுதி எண், நிகர எடை, தயாரிப்பு நாடு, எச்சரிக்கை, பயன்படுத்தத் தக்க காலம் ஆகியவை வர வேண்டும். பிரிட்டனில் முப்பது மாதத்துக்கு மேல் கெடாத பொருளுக்கு, திறந்தபின் எத்தனை மாதம் என்பதைத் திறந்த டப்பி அடையாளத்துடன் காட்ட வேண்டும்.

இரண்டாவது, வாக்குறுதி. ‘முடி உதிர்வை நிறுத்தும்’, ‘பொடுகை ஒழிக்கும்’, ‘பருவைப் போக்கும்’ என்று எழுதிய நிமிடத்தில் பொருள் அழகுசாதனத்திலிருந்து மருந்துக்குத் தாவிவிடுகிறது. அமெரிக்காவில் பொடுகு நீக்கி மருந்துக் கணக்கில்தான் வருகிறது. கனடாவிலும் அதற்குத் தனி எண் பெற வேண்டும். ‘கூந்தலை மென்மையாக்கும்’, ‘தோலைத் தூய்மைப்படுத்தும்’ என்ற அளவில் நிற்பதே பாதுகாப்பு. லேபிளைத் திருத்திவிட்டு, வாட்ஸ்ஆப் விளம்பரத்தில் பழைய வாக்குறுதியையே போட்டால் பயனில்லை. அதுவும் விளம்பர உரையாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

கனடாவும் அமெரிக்காவும்

டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் தமிழர்கள், குறிப்பாக இலங்கைத் தமிழர்கள், மிக அதிகம். ஆசை எழுவது இயல்பு. கனடாவில் பாதுகாப்பு அறிக்கை கட்டாயமில்லை. முதல் விற்பனை நடந்த பத்து நாளுக்குள் கனடா சுகாதாரத் துறைக்கு அறிவிப்புப் படிவம் தந்தால் போதும், கட்டணமும் இல்லை. ஆனால் பொருளின் அடையாளமும் எச்சரிக்கையும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். வரியில்தான் அடி. தபாலில் வரும் பொருளின் மதிப்பு 20 கனடிய டாலரைத் தாண்டினாலே வரி உண்டு. ஒன்டாரியோவில் விற்பனை வரி 13 சதவீதம். அதைப் பிடிக்கும் சேவைக்கு தபால் நிறுவனம் தனியாக 9.95 டாலர் வாங்குகிறது. ஐம்பது டாலர் பெட்டிக்கு, சுங்கத் தீர்வையைச் சேர்க்காமலேயே, கதவடியில் 16 டாலருக்கு மேல் கட்டச் சொன்னால் சித்தி மகள் இரண்டாம் முறை ஆர்டர் கொடுக்க மாட்டார். கையாளும் கட்டணம் ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாக விழுவதால், மொத்தமாக இறக்குமதி செய்யும் கடைக்காரர் வழியே போவதுதான் அங்கே கட்டுப்படியாகும்.

அமெரிக்காவில் 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நின்றுவிட்டது. அந்த நாட்களில் இந்தியத் தபால் துறையும் அங்கே பார்சல் எடுப்பதை நிறுத்தியது. அக்டோபரில்தான், தீர்வையை இங்கேயே வாங்கிக்கொண்டு, மீண்டும் தொடங்கியது. தீர்வை விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால், பதிவு செய்யும் அன்றைய விகிதத்தைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். ஒரு வசதி உண்டு: எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவான அசல் சோப்பை ‘சோப்பு’ என்று மட்டும் சொல்லி விற்றால், அது அங்கே அழகுசாதனச் சட்டத்துக்குள் வராது. ‘ஈரப்பதம் தரும்’ என்று சேர்த்தால் வந்துவிடும். கண்மையை மட்டும் அமெரிக்காவுக்கு எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம்; சுர்மா, காஜல் வகைகளில் ஈயம் கண்டறியப்பட்டதால் அவர்களுடைய சுங்கம் அவற்றைத் தனியாகவே தேடுகிறது.

ஒரு பெட்டியின் கணக்கு

மாவையும் சேர்த்துக் கேட்பவருக்கு, சிங்கப்பூருக்கு ஒரு சிறு பெட்டி: இரண்டு சோப்பு, 200 மில்லி தைலம் ஒன்று, 200 கிராம் மாவு ஒன்று. புட்டி, குமிழ்த்தாள், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்த்து சுமார் 800 கிராம். தயாரிப்புச் செலவு 320 ரூபாய், பேக்கிங் 80, ஒரு கிலோ வரை அனுப்பும் கட்டணம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உழைப்புக்கும் லாபத்துக்கும் 600. மொத்தம் 2,200. பணம் பெறும் தளம் எடுக்கும் 4 சதவீதமும், உடைந்து தொலைந்து போவதற்காக ஒதுக்கும் 5 சதவீதமும் விற்பனை விலையில் கணக்கிடப்படுவதால், 2,200ஐ 0.91ஆல் வகுக்க வேண்டும். சுமார் 2,420 ரூபாய் வருகிறது. டாலருக்கு 68 ரூபாய் என்று கொண்டால் 36 சிங்கப்பூர் டாலர். உள்ளூரில் 730 ரூபாய்க்கு விற்கும் பெட்டி இது. விலையில் பாதி அனுப்பும் செலவு.

இதே வீட்டுக்கு அரையாண்டுப் பெட்டி போட்டுப் பாருங்கள். ஆறு சோப்பு, இரண்டு தைலம், இரண்டு மாவு. எடை 1,700 கிராம். தயாரிப்பு 730, பேக்கிங் 130, இரண்டு கிலோ வரை கட்டணம் 1,900, உங்களுக்கு 1,400. மொத்தம் 4,160, 0.91ஆல் வகுத்தால் சுமார் 4,570 ரூபாய், அதாவது 67 டாலர். சிறு பெட்டியின் விலையைத் தயாரிப்புச் செலவின் விகிதத்தில் பெருக்கினால் இதே பொருள்களுக்கு 81 டாலர் ஆகும். வாடிக்கையாளருக்கு 14 டாலர் மிச்சம். உங்கள் லாபமும் குறையவில்லை. ஆகவே தள்ளுபடி கேட்பவருக்கு விலையைக் குறைக்காதீர்கள், பெட்டியைப் பெரிதாக்குங்கள். கூரியரில் போவதானால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கன எடையையும் பாருங்கள். உண்மை எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் பணம் பிடிப்பார்கள். சோப்பைச் சுற்றி அழகுக்காக வைக்கும் காகித நார் அந்த இடத்தில் காசாகிவிடும்.

ஒப்பிடுவதற்காக, பிரிட்டனுக்கு அதே சிறு பெட்டி: மூன்று கலவைகளின் அறிக்கைக்கு 600 பவுண்டு, பொறுப்பாளருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு என்று கொண்டால், நூறு பெட்டி விற்றால் பெட்டிக்கு 8 பவுண்டு, ஏறக்குறைய 960 ரூபாய். கட்டணம் 1,500 என்றால் அடக்கமும் லாபமும் சேர்ந்து 3,460, 0.91ஆல் வகுத்து 3,800. வாட் சேர்ந்து 4,560 ரூபாய், அதாவது 38 பவுண்டு. முப்பது பெட்டிதான் விற்றது என்றால் அந்த 8 பவுண்டு 27 ஆகிவிடும். நூறு பெட்டி என்று நான் சொன்னது இதனால்தான்.

‘கிஃப்ட்’ என்று எழுதலாமா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆர்டரோடும் வரும். “கிஃப்ட் என்று போட்டு அனுப்புங்கள் அக்கா, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்” என்பார்கள். கனடாவில் அன்பளிப்புக்கு 60 டாலர் வரையும் பிரிட்டனில் 39 பவுண்டு வரையும் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பணம் வாங்கி விற்றது அன்பளிப்பு ஆகாது. அது பொய்யான சுங்க அறிவிப்பு. பார்சலைத் திறந்து பார்க்கும் அதிகாரி உள்ளே லேபிளும் விலைச் சீட்டும் கண்டால் அந்த முகவரிக்கு வரும் அடுத்த பார்சலையும் நிறுத்துவார். இங்கேயும் இழப்புதான்: அது ஏற்றுமதியாகப் பதிவாகாது, வங்கிக்கு வரும் வெளிநாட்டுப் பணத்துக்கு ஆதாரம் இருக்காது, தொலைந்தால் முழு மதிப்பையும் கேட்டுப் பெற முடியாது. வாடிக்கையாளரிடம் வரியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சுங்கப் படிவத்தில் ‘கையால் செய்த சோப்பு, 6 கட்டி’ என்று பொருளையும், அவர் கொடுத்த விலையையும் அப்படியே எழுதுங்கள். ‘ஆயுர்வேத மருந்து’ என்றோ ‘மூலிகைப் பொடி’ என்றோ எழுத வேண்டாம்; முதலாவது மருந்துப் பிரிவுக்கும் இரண்டாவது தாவரப் பொருள் சோதனைக்கும் பெட்டியை அனுப்பிவிடும். மாவுக்கு ‘குளியல் பொடி, அழகுசாதனம்’ என்பதே சரியான விவரம்.